இரண்டரைப் புள்ளி

உறையின் மேலேயே எண் எழுதியிருந்தது. அதை அவள் பார்த்திருக்கக் கூடாது. ஆனால் பார்த்துவிட்டாள்.

தடயவியல் கூடத்தின் வீடியோ பிரிவில் அவள் பதினாறு வருடமாக இருக்கிறாள். பிரிவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட ஒரு அறை, இரண்டு கணினி, இரண்டு மேசை. ஒன்று அவளுடையது. மற்றொன்று அவளுடைய முடிவைச் சரிபார்த்து இரண்டாவது கையெழுத்துப் போடும் சக ஆய்வாளருடையது. கூடத்தில் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். அவளுக்குச் சந்தேகம் என்று பெயர். "சந்தேகம் வந்தாச்சா?" என்று காலையில் வாசலில் யாராவது கேட்டால் அது அவளைப் பற்றித்தான். அவள் காதில் விழாத மாதிரி போய்விடுவாள்.

உறையைக் கொண்டுவந்த இன்ஸ்பெக்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அரக்கு முத்திரைக்கு மேலே, நீல மையில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 'விபத்து வழக்கு. வேன் எண் 8360.'

"சார், எண்ணை ஏன் மேலே எழுதினீங்க?"

"எந்த கேஸ்னு தெரிய வேண்டாமா மேடம்? உங்ககிட்ட நூறு உறை கிடக்கும்."

"கேஸ் எண் போதும். எங்களுக்கு எந்த வண்டியைத் தேடுறீங்கன்னு சொல்லவே கூடாது. சுற்றறிக்கையே வந்திருக்கே."

"நாங்க எங்க மேடம் அதையெல்லாம் படிக்கிறது" என்றார் அவர். குரலில் வருத்தம் எதுவும் இல்லை.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், அதிகாலை இரண்டேகாலுக்கு, பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு நடந்து போன ஒருவரை ஒரு வெள்ளை வேன் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் அங்கேயே இறந்துபோனார். எதிரில் இருந்த டயர் கடையின் கேமராவில் வேனின் பின்பக்கம் பதிவாகியிருந்தது. மறுநாளே ஒரு வேன் டிரைவரைப் பிடித்து, வேனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் இப்போது சிறையில். அடுத்த வாரம் ஜாமீன் விசாரணை. கூடத்தின் அறிக்கை அவனுக்கு எதிராக வந்தால் அவன் வெளியே வருவதற்கில்லை.

உறைக்குள் ஒரு பென் டிரைவும், பளபளப்பான தாளில் அச்சடித்த ஒரு புகைப்படமும் இருந்தன. புகைப்படத்தில் வேனின் பின்கதவு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கு. நடுவில் எண் பலகை. 8360.

"இது யார் செஞ்சது?"

"கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோக்காரன். கம்ப்யூட்டர்ல ஏதோ புது மென்பொருள் வச்சிருக்கான். ஒரு பட்டன்தான், தெளிவாயிடுச்சு. நீங்க அதையே உங்க லெட்டர்பேட்ல எழுதிக் கொடுத்தா போதும். ஸ்டூடியோக்காரன் சொன்னா ஜட்ஜ் கேக்க மாட்டாரு."

அவள் புகைப்படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"பாத்துட்டுச் சொல்றேன் சார்."

"அதான் பாத்துட்டீங்களே" என்றார் இன்ஸ்பெக்டர், எழுந்துகொண்டே.

*

பென் டிரைவில் இருந்தது யாரோ கைபேசியில் அனுப்பி, அது இன்னொருவருக்குப் போய், அங்கிருந்து வந்த நகல். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் சுருங்கியிருந்தது. வேன் மூலையிலிருந்து நுழைந்து, ஒன்றரை நொடியில் மறைந்தது. எண் பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிறிய செவ்வகம். அவள் அதைப் பெரிதாக்கினாள். கட்டம் கட்டமாகச் சாம்பல் நிறம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

எட்டு. மூன்று. ஆறு. சுழியம்.

தெரிந்தது. சுருக்கிய கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. பதினாறு வருடத்தில் இந்த மாதிரிப் படத்தில் எதுவும் தெரிந்ததில்லை.

"கொஞ்சம் வந்து பாருங்க" என்று சக ஆய்வாளரை அழைத்தாள். "உங்களுக்கு என்ன தெரியுதோ ஒரு துண்டுத் தாள்ல எழுதுங்க. என்கிட்ட சொல்லாதீங்க."

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகில் வந்தார். ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டார். 8360.

"பாத்தீங்களா, ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே தெரியுது. முடிச்சுடலாம்."

"உறையை யார் வாங்கிப் பதிவேட்டில ஏத்தினது?"

"நான்தான். ஏன்?"

அவள் உறையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நீல மை. அவர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"எனக்கு அது ஞாபகமே இல்லம்மா."

"உங்களுக்கு இல்ல. உங்க கண்ணுக்கு இருக்கும்."

பக்கத்து அறையில் கையெழுத்து ஆய்வுப் பிரிவு. அங்கே இருந்த அக்கா எந்த வம்பிலும் மாட்டாதவர். உறையைப் பார்க்காதவர். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு அக்கா?"

அக்கா வெகுநேரம் பார்த்தார். தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார்.

"எழுதியிருக்கா? நான் ஏதோ ஜன்னலுன்னுல்ல நினைச்சேன்."

ஆமாஞ்சாமி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மேல் வந்திருக்க வேண்டிய சந்தேகம் அந்த நிமிடத்தில் திரும்பி அவள் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

*

மதியம் வராந்தாப் பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். சேலை முந்தானையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. தையல் கம்பெனியில் வேலை செய்பவளாக இருக்க வேண்டும். காவலாளி சொன்னார்: "டிரைவரோட அக்காவாம். காலையிலேருந்து இருக்கு. போன்னாலும் போக மாட்டேங்குது."

வழக்கில் சம்பந்தப்பட்டவர்களோடு பேசக் கூடாது. அவள் தாண்டிப் போனாள். பின்னால் குரல் வந்தது.

"நீங்கதான் அந்தப் போட்டோ பாக்கறவங்களா?"

நின்றாள். திரும்பவில்லை.

"என் தம்பி பண்ணல. அவன் அன்னைக்கு அந்தப் பக்கம் போனான், சரி. போனவனெல்லாம் இடிச்சவனா?"

"அம்மா, நான் உங்ககூட பேசக் கூடாது."

"பேச வேண்டாம். கேட்டுக்குங்க. நீங்களும் அவங்க ஆளுதானே, வேற யாரு ஆளு? எழுதறதை எழுதத்தான் போறீங்க. எனக்குத் தெரியும்."

அவள் படியிறங்கினாள். 'நீங்களும் அவங்க ஆளுதானே' என்ற சொல் கூடவே இறங்கி வந்தது. மறுப்பதற்கு அவளிடம் அந்த நேரத்தில் எதுவும் இல்லை. அவளுக்கும் 8360தான் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் பேசாமலிருப்பதைக் கணவன் கவனித்தான். அவன் கண்ணாடிக் கடையில் பார்வை அளவெடுப்பவன்.

"என்ன, இன்னைக்கு யார் மேல சந்தேகம்?"

"என் மேல."

"அப்பாடா. நான் தப்பிச்சேன்."

மகள் களுக்கென்று சிரித்தாள். "அம்மா கல்யாண ஆல்பத்தையே பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தவங்கன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க."

"பாத்தா. மாப்பிள்ளை அதே ஆள்தானான்னு செக் பண்ணினா."

அவள் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "உங்க கடையில, கடைசி வரி எழுத்து தெரியாதவங்க சில பேர் சரியா சொல்வாங்கன்னு சொல்வீங்களே."

"சொல்வாங்க. முன்னாடி உக்காந்திருந்தவர் படிச்சதைக் கேட்டிருப்பாங்க. ஏமாத்தணும்னு இல்ல. அவங்களுக்கு நிஜமாவே தெரியும், கேட்டதுக்கு அப்புறம்."

"நீங்க என்ன செய்வீங்க?"

"அட்டையை மாத்துவேன்" என்றான் அவன், சோற்றைப் பிசைந்துகொண்டே.

*

மறுநாள் டயர் கடைக் கேமராவின் பதிவுப் பெட்டியையே அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினாள். இரண்டு நாளில் வந்தது. தூசி படிந்த கறுப்புப் பெட்டி. அதில் இருந்த மூலப் பதிவைச் சேதமில்லாமல் எடுத்தாள். நகலில் பதினோரு பிக்சல் புள்ளி அகலமாக இருந்த எண் பலகை, மூலத்தில் இருபத்து நான்கு புள்ளியாக இருந்தது. ஆமாஞ்சாமிக்கு முகம் மலர்ந்தது.

"ரெண்டு மடங்கும்மா."

"பலகையில எத்தனை எழுத்து?"

"எழுத்தும் எண்ணுமா ஒன்பது. நடுவுல இடைவெளி வேற."

"ஒரு எழுத்துக்கு எத்தனை புள்ளி?"

அவர் மனதுக்குள் வகுத்தார். "ரெண்டரை" என்றார். முகம் பழையபடி ஆகிவிட்டது.

இரண்டரைப் புள்ளி அகலம், நான்கு புள்ளி உயரம். அதற்குள் எட்டுக்கு எங்கே இரண்டு வளையம் போடுவது? எட்டும் ஆறும் ஒன்பதும் சுழியமும் அந்த இடத்தில் ஒரே சாம்பல் கட்டிதான். படிக்க வேண்டுமானால் பத்துப் புள்ளியாவது வேண்டும். அது மட்டுமல்ல. இரவில் வெளிச்சம் போதாததால் கேமரா தன் கண்ணை அதிக நேரம் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்துக்குள் வேன் நகர்ந்துவிடும். பக்கத்து எழுத்தின் மேல் அடுத்த எழுத்து இழுபடும். அதற்கும் மேலே, பெட்டி இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாப் படத்தையும் முழுசாகச் சேமிப்பதில்லை. வேன் தெரிந்த பத்தொன்பது படத்தில் இரண்டுதான் முழுப் படம். மற்றவற்றில், முன் படத்திலிருந்து எது மாறியது என்ற குறிப்புதான் இருக்கும். சின்ன மாற்றம் என்றால் அதையும் விட்டுவிடும்.

அவளால் செய்ய முடிந்ததைச் செய்தாள். வேன் ஓரளவு ஒரே அளவில் தெரிந்த ஏழு படங்களை எடுத்து, பலகை ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும்படி அடுக்கி, சராசரி எடுத்தாள். ஒவ்வொரு படத்திலும் இஷ்டத்துக்குத் துள்ளிய புள்ளி இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. எல்லாப் படத்திலும் நிலையாக இருந்தது மிஞ்சியது. கதவின் விளிம்பு நேரானது. பலகையின் நான்கு மூலையும் தெரிந்தன. எந்தத் திசையில் எவ்வளவு இழுபட்டது என்பதைத் தெருவிளக்கின் பிரதிபலிப்பு போட்ட கோட்டிலிருந்து கணக்கிட்டு, அந்த இழுப்பைக் கொஞ்சம் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் தெளிந்தது. எழுத்துகள் மட்டும் வரவில்லை. கேமராவுக்குள் நுழையாதது அதற்குள்ளிருந்து எப்படி வரும்?

அப்படியானால் ஸ்டூடியோக்காரனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? தொலைபேசியில் அழைத்தாள்.

"நான் ஒண்ணும் தப்பா செய்யல மேடம்" என்றுதான் அவன் ஆரம்பித்தான்.

"தப்புன்னு சொல்லல. எப்படிச் செஞ்சீங்கன்னு கேக்கறேன்."

"மென்பொருள்ல போட்டேன். அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண்ணா காட்டுச்சு. பட்டனை மறுபடி அமுக்கினா வேற எண். எனக்கே சிரிப்பு வந்துருச்சு."

"அப்புறம்?"

எதிர்முனையில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம்.

"சார் ஒரு லிஸ்ட் வச்சிருந்தாரு. அந்தத் தெருப் பக்கம் இருக்கிற ஒரு கோடவுன்லேருந்து அன்னைக்கு ராத்திரி வெளிய போன வேன் மூணு. இதுல எதுக்கு ஒத்து வருதுன்னு பாருன்னாரு. பாத்தேன். எட்டாயிரத்து முந்நூத்து அறுபது மாதிரி ஒண்ணு வந்துச்சு. கடைசி எண் மட்டும் சரியா வரல. அதை நானே கொஞ்சம் சரி பண்ணினேன்."

"சரி பண்ணினீங்க."

"தெளிவுபடுத்தினேன் மேடம்."

அவள் போனை வைத்தாள். ஆமாஞ்சாமியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

*

அட்டையை மாற்ற வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் தோன்றியது.

பன்னிரண்டு எண் பலகை அடிக்கச் சொன்னாள். ஒன்றில் 8360. மற்றவற்றில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. கையெழுத்துப் பிரிவு அக்காதான் எண்களைத் தேர்ந்தெடுத்து, வரிசையை எழுதி, உறையிலிட்டு ஒட்டிவைத்தார். அதே வகை வேனை வாடகைக்கு எடுத்து, பதிவுப் பெட்டியைத் திரும்ப அதே கேமராவில் மாட்டி, இருட்டிய பிறகு டயர் கடைத் தெருவில் ஒரு பக்கம் போக்குவரத்தை நிறுத்தி, பன்னிரண்டு தடவை ஓட்டச் செய்தார்கள். அவள் அங்கே போகவில்லை. போகக் கூடாது. இன்ஸ்பெக்டர் போயிருந்தார். மறுநாள் பெட்டியை அவரே கொண்டுவந்து வைத்தார்.

"ஊரே வேடிக்கை பாத்துச்சு மேடம். சினிமா ஷூட்டிங்கான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். ஹீரோயின் வரலைன்னேன்."

அவர் முன்னாலேயே பன்னிரண்டு ஓட்டத்தின் பதிவுகளையும் பார்த்தாள். அதே வேலையைச் செய்தாள், அதே மாதிரி அடுக்கி, அதே மாதிரி சராசரி எடுத்து. காலையிலிருந்து மாலை நான்கு வரை. பிறகு ஒரு தாளில் எழுதினாள்: ஐந்தாவது ஓட்டம், 8360. உறுதியாக இருந்தாள். ஐந்தாவதில் அந்த எட்டு, அந்த மூன்று, முதல் நாள் சுருக்கிய கண்ணுக்குத் தெரிந்த அதே உருவம், அதே இடத்தில் இருந்தது.

அக்கா உறையைக் கிழித்தார்.

"அஞ்சாவது... 6986."

அவள் தன் தாளை இன்னொரு தடவை பார்த்தாள்.

"8360 எது அக்கா?"

"பதினொண்ணாவது."

பதினொன்றாவதற்கு எதிரே அவள் தாளில் எழுதியிருந்தாள்: படிக்க இயலவில்லை.

இன்ஸ்பெக்டர் முதலில் புரியாதவர் போல இருந்தார். பிறகு புரிந்தது. அவர் முகத்தில் வந்தது கோபம் மாதிரிதான் இருந்தது.

"அப்ப உங்களுக்குப் பார்க்கத் தெரியலைன்னு அர்த்தம். மென்பொருளுக்குத் தெரியுது."

"எனக்குத் தெரியலைங்கறது சரிதான் சார். அதை நான் அறிக்கையில எழுதுவேன். எது 8360ன்னு கேட்டப்ப நான் 6986ஐக் காட்டினேன்னு எழுதுவேன்."

"உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க." நாற்காலியை நகர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்தப் பொம்பளை தினமும் வந்து வராந்தாவில உக்காந்திருக்கே. உங்ககிட்ட ஏதாவது பேசிச்சா?"

"பேசினாங்க. நான் உங்க ஆளுன்னாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். ஆமாஞ்சாமி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

பலகையைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் அன்றைக்கு முதல் தடவையாகப் படத்தின் மற்ற இடங்களைப் பார்த்தாள். பதினொன்றாவது ஓட்டம் திரையில் நின்றுபோயிருந்தது. வாடகை வேனின் பின்பக்கம். இடப்பக்கம் ஒரு சிவப்புக் கறை, வலப்பக்கம் ஒரு சிவப்புக் கறை. நடுவில் இருட்டு.

எதுவும் சொல்லாமல் விபத்துப் பதிவைப் பக்கத்தில் திறந்தாள். ஏழு படம் அடுக்கியது. பிறகு பத்தொன்பதையும் ஒவ்வொன்றாக.

வலப்பக்கம் சிவப்புக் கறை. இடப்பக்கம் இல்லை. பத்தொன்பதிலும் இல்லை.

"சார், இதைப் பாருங்க."

"என்ன, எண் வந்துருச்சா?"

"எண் வராது. விளக்கைப் பாருங்க."

அவர் பார்த்தார். "லென்ஸ்ல அழுக்கா இருக்கும்."

"அழுக்குன்னா நேத்தும் அதே கேமராதானே. நேத்து பன்னிரண்டு ஓட்டத்திலயும் ரெண்டு விளக்கும் தெரியுது. எழுத்துக்கு ரெண்டரைப் புள்ளிதான் இருக்கு. ஆனா விளக்கு தானே வெளிச்சம் போடறது. ராத்திரியில கேமராவுக்கு அதை விடச் சுலபமா தெரியற விஷயம் வேற இல்ல. எரிஞ்சா தெரியும். எரியலைன்னா தெரியாது."

"நகல்ல ரெண்டும் இருந்த மாதிரி இருந்துச்சே."

"நகல்ல வலது விளக்கோட சிவப்பு பரவி ஒரே தீற்றலா ஆயிடுச்சு. நீங்க ஸ்டூடியோ போட்டோவை எடுங்க."

கவிழ்த்து வைத்திருந்த புகைப்படத்தை அவரே திருப்பினார். துடைத்து வைத்த வெள்ளைக் கதவு. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, அச்சு அசலாக இரண்டு சிவப்பு விளக்குகள்.

"இந்த விளக்கு எங்கேருந்து வந்துச்சு சார்?"

அவர் புகைப்படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"அந்த மென்பொருள் ஆயிரக்கணக்கான வண்டியைப் பாத்திருக்கும். வண்டின்னா ரெண்டு விளக்கு இருக்கும்னு அதுக்குத் தெரியும். அதனால போட்டுருச்சு. பலகைன்னா எண் இருக்கும்னும் அதுக்குத் தெரியும். அதையும் போட்டுருச்சு. இல்லாத விளக்கை எரியவச்ச கைதான் அந்த எட்டையும் எழுதினது."

ஆமாஞ்சாமி, பழக்க தோஷத்தில், "ஆமாம்" என்றார்.

இன்ஸ்பெக்டர் அவரை முறைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "பல்பை மாத்தியிருப்பான். இடிச்சதும் எங்கேயாவது நிறுத்தி மாத்தியிருப்பான். டிரைவருங்களை உங்களுக்குத் தெரியாது."

"இருக்கலாம். அதை நான் இங்கேருந்து சொல்ல முடியாது. வண்டி எப்போ உங்க கைக்கு வந்துச்சு?"

"மறுநாள் காலையில ஏழு மணிக்கு."

"அப்ப போய்ப் பாக்கலாமே."

*

பறிமுதல் வண்டிகளை நிறுத்தும் மைதானம் காவல் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. துருப்பிடித்த பைக்குகளுக்கு நடுவே அந்த வெள்ளை வேன், மூன்று வாரத்துக்கும் மேலான தூசியோடு. பின்பலகையில் 8360. அவள் அதை இப்போது தயங்காமல் பார்த்தாள்.

வாகன ஆய்வுக்கு வரும் மெக்கானிக் பேட்டரியை இணைத்து விளக்கைப் போட்டார். இரண்டும் எரிந்தன.

"பாத்தீங்களா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இடதைக் கழட்டுங்க அண்ணே" என்றாள் அவள்.

மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். நகரவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். மூன்று பேரும் வேன் நிழலில் நின்றார்கள். நிழல் போதவில்லை. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது வண்டி வாங்கினதுலேருந்து கழட்டாத ஸ்குரூ சார்" என்றார் மெக்கானிக், பல்லைக் கடித்துக்கொண்டு. "தலையில பெயிண்டே அப்படியே ஒட்டியிருக்கு. ஒருத்தனும் கை வைக்கல."

இரண்டாவது ஸ்குரூவின் தலை உடைந்தது. சிவப்பு மூடியைப் பெயர்த்து எடுத்தபோது உள்ளே ஒரு பழைய சிலந்திக்கூடு இருந்தது, பல்பைச் சுற்றி முழுசாக. கூட்டைக் கலைக்காமல் எட்டிப் பார்த்தார். பல்பின் கண்ணாடி புகை படிந்த மாதிரி கறுத்திருந்தது. அடியில் பச்சைக் களிம்பு.

"வருஷக்கணக்கா எரியற பல்பு. போன மாசம் போட்டது இல்ல."

"வயர் லூசாகி அன்னைக்கு மட்டும் அணைஞ்சிருந்தா?"

மெக்கானிக் பல்பை ஆட்டிப் பார்த்தார். வயரை இழுத்துப் பார்த்தார். வேனின் பின்பக்கத்தைக் கையால் ஓங்கித் தட்டினார். விளக்கு இமைக்கவில்லை.

"சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன் சார். ஆனா இறுக்கமாத்தான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் அந்தச் சிலந்திக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். கோடவுன் லிஸ்ட். மூன்று எண்கள். ஒன்றைச் சுற்றி நீல மையில் வட்டம். வட்டத்துக்கு வெளியே இருந்த இரண்டையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். அவளிடம் காட்டவில்லை. அவள் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதைப் பத்தியும் எழுதுவீங்களா? லிஸ்ட் காட்டினதை?"

"ஸ்டூடியோக்காரர் சொன்னதை எழுதுவேன் சார். உறை மேலே எண் இருந்ததையும். அதைப் பாத்துட்டு நாங்க ரெண்டு பேரும் ஏமாந்ததையும்."

"எல்லாரையும் சேர்த்தே மாட்டிவிடறீங்க."

"என் பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன்."

அவர் தாளை மடித்துத் திரும்பப் பையில் வைத்தார்.

*

அறிக்கை நான்கு பக்கம் வந்தது. எண்ணைப் படிக்க இயலாது, எந்த முறையாலும் இந்தப் பதிவிலிருந்து படிக்க இயலாது, ஸ்டூடியோ புகைப்படத்தில் உள்ள எண்ணும் இடது விளக்கும் மூலப் பதிவில் இல்லாதவை, பதிவிலுள்ள வேனின் இடது பின்விளக்கு எரியவில்லை. அவ்வளவுதான். ஆமாஞ்சாமி ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். அவர் இத்தனை நேரம் எடுத்து அவள் பார்த்ததில்லை. ஓரிடத்தில், "'எரியவில்லை'ன்னு போட வேண்டாம். 'எரிவதாகத் தெரியவில்லை'ன்னு போடுங்க" என்றார். அவள் மாற்றினாள். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஜாமீன் கிடைத்த மறுநாள் டிரைவரின் அக்கா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அறிக்கை போய்விட்டது. இனிப் பேசலாம். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி வந்துட்டாரா?"

"நேத்து சாயங்காலம். தூங்கிக்கிட்டிருக்கான்." முந்தானையிலிருந்து ஒரு நூல் துணுக்கை எடுத்து விரலில் சுற்றினாள். "அவன் பண்ணலைன்னு எழுதினீங்களாமே. வக்கீல் சொன்னாரு."

"அப்படி எழுதல அம்மா. அந்த வண்டியில இடது விளக்கு எரியற மாதிரி தெரியலைன்னு எழுதினேன். நம்பரைப் படிக்க முடியாதுன்னு எழுதினேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

டிரைவரின் அக்கா நூலைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. வராந்தாவில் யாரோ கோப்புக் கட்டோடு கடந்து போனார்கள். வெயில் பெஞ்சின் கால்வரை வந்திருந்தது.

"இன்ஸ்பெக்டர் அந்தப் போட்டோவை முதல் நாளே என்கிட்ட காட்டிட்டாரு" என்றாள் கடைசியில், தரையைப் பார்த்தபடி. "அவ்வளவு தெளிவா இருந்துச்சு. நம்பரு, கதவு, எல்லாம். நான் ஜெயிலுக்குப் போய் அவன்கிட்ட கேட்டேன். ஏண்டா, நீதானான்னு. இல்லக்கான்னான். மறுபடி கேட்டேன். மூணு தடவை கேட்டேன்."

விரலில் நூல் இறுகி, நுனி வெளுத்திருந்தது.

"மூணாவது தடவை அவன் பதில் சொல்லல. நேத்து வீட்டுக்கு வந்தும் என்கூட பேசல."